24 யூனிட் பற்றறி, மீற்றரில் 6.5: மன்னாருக்கு ஒரே சார்ஜில் போய் வரலாமா?

நெளுக்குளம் | 2025 ஜூலை 5, இரவு 9.10

என்னிடம் இருப்பது ஜப்பானில் ஓடி வந்த 2013 நிசான் லீஃப். பற்றறி 24 யூனிட் என்று சொல்லித்தான் விற்றார்கள். (கரண்ட் பில்லில் வரும் அதே யூனிட்தான். kWh என்று எழுதுவதை நான் இங்கே யூனிட் என்றே எழுதுகிறேன்.) திரையில் சராசரி 6.5 km/kWh காட்டுகிறது, அதாவது ஒரு யூனிட்டுக்கு ஆறரைக் கிலோமீற்றர். 24ஐ 6.5ஆல் பெருக்கினால் 156. வவுனியாவிலிருந்து மன்னார் 80 கிலோமீற்றர் என்று வைத்தால் போய் வர 160. நாலு கிலோமீற்றர்தான் குறைகிறது. ஏசியை நிறுத்தி, மெதுவாக ஓட்டினால் ஒரே சார்ஜில் போய் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். யாராவது போய்ப் பார்த்தீர்களா? அடுத்த வாரம் மாமி வீட்டில் விசேஷம்.

முறிகண்டி | ஜூலை 5, இரவு 9.48

போகாதீர்கள். போய்ச் சேர்வதே சந்தேகம். திரையின் வலப்பக்க ஓரத்தில் சின்னச் சின்னக் கட்டங்கள் ஒரு வரிசையாக இருக்கும். எத்தனை இருக்கின்றன?

நெளுக்குளம் | ஜூலை 5, இரவு 10.02

பத்து. அது சார்ஜ் அளவு இல்லையா?

முறிகண்டி | ஜூலை 5, இரவு 10.30

இல்லை. அகலமான கட்டங்கள்தான் சார்ஜ். அதை ஒட்டி மெல்லியதாக இருப்பவை பற்றறியின் கொள்ளளவு. புதிதில் பன்னிரண்டு. எல்லாக் கட்டமும் ஒரே அளவு என்று நினைக்க வேண்டாம். முதல் கட்டம் போகும்போதே 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒவ்வொன்றும் ஆறு சதவீதத்துக்குச் சற்று மேல். பத்துக் கட்டம் என்றால் உங்கள் பற்றறி புதிதில் இருந்ததில் 73க்கும் 79க்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

இன்னொன்று. 24 என்பது செல்களில் இருப்பது முழுவதும். அதில் புதுக் காரே ஓட்டத்துக்குத் தந்தது இருபத்தொன்றரை, இருபத்திரண்டு அளவுதான். மீதியைக் கார் தன் கையில் வைத்துக்கொள்ளும். அந்தக் கழிவுக்குப் பிறகுதான் உங்கள் தேய்மானத்தைப் போட வேண்டும். காரின் கணினியோடு பேசும் ஓபிடி பிளக் ஒன்று வாங்கி, போனில் LeafSpy என்ற செயலியைப் போட்டுப் பாருங்கள். பற்றறி புதிதில் இருந்ததில் எத்தனை சதவீதம் மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் SOH என்ற எண்ணை இங்கே எழுதுங்கள், மிச்சத்தைக் கதைப்போம்.

மாங்குளம் சந்தி | ஜூலை 6, காலை 6.15

குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். என்னுடைய கேள்வியும் இதே பெருக்கல்தான். இறக்குமதி திறந்த பிறகு தம்பி ஒரு பிவைடி அட்டோ 3 எடுக்க நிற்கிறான். ஐரோப்பியத் தாளில் பற்றறி 60.48, நூறு கிலோமீற்றருக்கு 15.6 யூனிட், தூரம் 420 கிலோமீற்றர் என்று மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. 60.48ஐ 15.6ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 388தான் வருகிறது. 32 கிலோமீற்றர் எங்கிருந்து வந்தது? பொய் சொல்கிறார்களா? அப்படியென்றால் லீஃபே எடுக்கலாமா?

புதுக்குடியிருப்பு | ஜூலை 6, காலை 7.40

நெளுக்குளம் அண்ணை, ஓபிடி ஒன்றும் தேவையில்லை. காரைக் கடைசிவரை ஓட்டி இறக்குங்கள். சார்ஜ் போடமுன் வீட்டு மீற்றரைப் பாருங்கள், நிறைந்த பிறகு திரும்பப் பாருங்கள். கூடியது எத்தனை யூனிட்டோ அதுதான் உங்கள் பற்றறி. நான் அப்படித்தான் செய்தேன், பத்தொன்பதரை வந்தது. என்னுடையதும் பத்துக் கட்டக் கார்தான்.

நெளுக்குளம் | ஜூலை 7, இரவு 8.20

LeafSpy போட்டேன். SOH 76. முறிகண்டி அண்ணை சொன்னபடி 21.7இல் 76 சதவீதம் எடுத்தால் 16.5 யூனிட். 24 என்று நம்பியிருந்த எனக்கு மனம் விட்டுப்போயிற்று. விற்றவர் சொன்ன 228 கிலோமீற்றரை 16.5ஆல் வகுத்தேன். யூனிட்டுக்குப் பதினான்கு கிலோமீற்றர் ஓட வேண்டும். அது இந்தக் காரால் முடியாது.

ஆனால் புதுக்குடியிருப்புத் தம்பிக்குப் பத்தொன்பதரை வந்திருக்கிறது. ஒரே வயதுக் கார், ஒரே பத்துக் கட்டம். மூன்று யூனிட் வித்தியாசம் எப்படி?

முறிகண்டி | ஜூலை 7, இரவு 9.05

228 ஜப்பானியச் சோதனையில் வந்த எண், அதுவும் புதுக் காருக்கு. அந்தச் சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீற்றருக்கும் குறைவு. ஏசியும் இல்லை. அதை மறந்துவிடுங்கள்.

தம்பியின் பத்தொன்பதரை பிழையான அளவு அல்ல. அவர் அளந்த இடம் வேறு. வீட்டு மீற்றர் சுவரிலிருந்து போனதை எண்ணுகிறது. அதில் ஒரு பங்கு காருக்குள் இருக்கும் சார்ஜரில் சூடாகப் போகிறது, இன்னொரு பங்கு சார்ஜ் ஏறும் நேரம் முழுவதும் விழித்திருக்கும் காரின் மின்சுற்றுகளுக்குப் போகிறது. சாதாரண பிளக்கில் பத்து அம்பியரில் மெதுவாகப் போட்டால் மணித்தியாலம் கூடும், அந்த இரண்டாவது பங்கும் கூடும். நூறு யூனிட் இழுத்தால் பற்றறிக்குள் எண்பத்தைந்து போனாலே நல்லது. அவருடைய 19.5இல் 85 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள்.

நெளுக்குளம் | ஜூலை 7, இரவு 9.12

16.6! என்னுடையதும் அவருடையதும் ஒன்றுதான்.

புதுக்குடியிருப்பு | ஜூலை 7, இரவு 9.30

அப்ப நான் அளந்தது எதற்கும் உதவாதா?

முறிகண்டி | ஜூலை 7, இரவு 9.41

காசுக்கு உதவும். மாதம் எவ்வளவு பில் வரும் என்று பார்க்க அந்த எண்தான் சரி. எவ்வளவு தூரம் ஓடும் என்பதற்கு உதவாது. காரின் திரையில் வரும் 6.5 பற்றறியிலிருந்து வெளியே போனதை வைத்துச் சொல்வது. சுவரில் அளந்த யூனிட்டை அந்த 6.5ஆல் பெருக்கினால் இல்லாத இருபது கிலோமீற்றர் கையில் இருப்பதாகத் தோன்றும்.

மாங்குளம் சந்தி, உங்கள் 32 கிலோமீற்றரும் இதே இடத்தில்தான் இருக்கிறது. ஐரோப்பியச் சோதனையில் தூரத்தைப் பற்றறி தீரும்வரை ஓட்டி எடுக்கிறார்கள். செலவை எடுப்பது வேறு விதம்: ஓடி முடிந்த பிறகு திரும்ப நிறைக்கச் சுவரிலிருந்து எவ்வளவு போனது என்று அளக்கிறார்கள். 420 கிலோமீற்றரை 15.6ஆல் போட்டுப் பாருங்கள், 65.5 யூனிட் வரும். பற்றறி 60.48. மேலே இருக்கும் ஐந்து யூனிட் சார்ஜ் போடும்போது போனது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரே தாளில் இரண்டு வேறு இடத்து அளவுகள் நிற்கின்றன, அவ்வளவுதான். அந்த 15.6ஐ வைத்துத் தூரம் கணக்கிடாதீர்கள்.

மாங்குளம் சந்தி | ஜூலை 8, காலை 5.50

தெளிந்தது. தம்பிக்கு அனுப்பிவிட்டேன். அவன் 420ஐயே பிடித்துக்கொண்டு நிற்கிறான், அது வேறு கதை.

நெளுக்குளம் | ஜூலை 8, இரவு 10.15

சரி, 16.5ஐ வைத்துத் திரும்பக் கணக்குப் போடுகிறேன். கடைசித் துளிவரை ஓட்ட முடியாது. பறயனாலங்குளம் தாண்டினால் முருங்கன் வரும்வரை இரண்டு பக்கமும் காடும் வயலும்தான், நின்றால் தள்ளவும் ஆள் இல்லை. இரண்டரை யூனிட்டைத் தொடாமல் விடுகிறேன்.

```
16.5 - 2.5 = 14
14 × 6.5 = 91 km
```

போக 80. பதினொரு கிலோமீற்றர் கையில் மிஞ்சுகிறது. மாமி வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் திரும்பி வருவேன். இது சரிதானே?

தண்ணிமுறிப்பு டீச்சர் | ஜூலை 9, பிற்பகல் 3.30

கார் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நான் ஸ்கூட்டியில்தான் போகிறேன். ஆனால் இது கச்சான் காலம். மன்னார்ப் பக்கம் போகும்போது காற்று முகத்தில் அடிக்கும். உங்கள் 6.5 எந்தப் பாதையில் வந்த சராசரி? வவுனியா டவுனுக்குள் ஓடியதா?

நெளுக்குளம் | ஜூலை 9, மாலை 6.45

டவுனும் ஓமந்தை வரையும். பெரும்பாலும் ஏ9தான். காற்றைப் பற்றி யோசித்தேன் டீச்சர். ஆனால் போகும்போது எதிர்க்காற்று என்றால் வரும்போது அதே காற்று பின்னால் நின்று தள்ளுமே. போகும்போது தொலைந்தது வரும்போது திரும்பக் கிடைத்துவிடும் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணிமுறிப்பு டீச்சர் | ஜூலை 9, இரவு 7.20

கிடைக்காது. சைக்கிளில் பள்ளிக்கூடம் போன எவருக்கும் இது காலில் தெரியும்.

முறிகண்டி | ஜூலை 9, இரவு 8.55

டீச்சர் சொல்வது சரி. காற்றுத் தடை கார் போகும் வேகத்தோடு மட்டும் நிற்பதில்லை, காருக்கும் காற்றுக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். நீங்கள் அறுபதில் போகிறீர்கள், காற்று இருபத்தைந்தில் முகத்தில் அடிக்கிறது என்றால் கார் உணர்வது எண்பத்தைந்து. திரும்பி வரும்போது உணர்வது முப்பத்தைந்து. அறுபதின் வர்க்கம் 3600, எண்பத்தைந்தின் வர்க்கம் 7225, முப்பத்தைந்தினது 1225. போகும்போது கூடுவது 3625, வரும்போது குறைவது 2375. நட்டம் முழுவதும் திரும்பி வருவதில்லை.

அதைவிட முக்கியமான ஒன்று. வரும்போது கிடைக்கப்போகும் லாபத்தைப் போகும்போது செலவழிக்க முடியாது. போகும் பாதைக்கு வேறு எண் போடுங்கள். உங்கள் காருக்கு ஐந்தரை என்று வைத்துக்கொள்வேன்.

நெளுக்குளம் | ஜூலை 9, இரவு 9.30

14ஐ 5.5ஆல் பெருக்கினால் 77. மன்னாருக்கு மூன்று கிலோமீற்றர் முன்னால் என் இரண்டரை யூனிட் கையிருப்பில் கை வைக்க வேண்டும். பாலத்தடியில். போகத்தான் வேண்டும், விசேஷம். மெதுவாகப் போகிறேன்.

நெளுக்குளம் | ஜூலை 14, இரவு 11.20

போய் வந்துவிட்டேன். நடந்ததை அப்படியே எழுதுகிறேன், இதே யோசனையோடு இருப்பவர்களுக்கு உதவும்.

காலை பத்து மணிக்கு நூறு சதவீதத்தில் வெளிக்கிட்டேன். திரை காட்டிய தூரம் 121 கிலோமீற்றர். அதைப் பார்த்ததும் உங்கள் எல்லோரையும் ஒரு கணம் சந்தேகித்தேன். பிறகுதான் புரிந்தது, முதல் இரண்டு நாளும் பிள்ளைகளை ஏற்றி இறக்க டவுனுக்குள் மெதுவாக ஓடியிருக்கிறேன். அந்த ஓட்டத்தை வைத்துக் கார் சொல்கிறது. இனி வரப்போகும் காற்று அதற்குத் தெரியாது.

பறயனாலங்குளம் வரை பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு பக்கமும் மரம். மடுச் சந்தி தாண்டி வெளி திறந்தது, காற்று பிடித்துக்கொண்டது. பனைகள் ஒரு பக்கம் சாய்ந்து நின்றன. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டியிருந்தது. அறுபதில்தான் போனேன், ஏசி போட்டிருந்தேன், பின் சீட்டில் அம்மா. பயணத்தின் சராசரியை வெளிக்கிடும்போதே பூச்சியமாக்கி வைத்திருந்தேன். அது முருங்கனில் 5.8 ஆனது. உயிலங்குளம் கடக்கும்போது முதல் எச்சரிக்கை வந்தது. ஏசியை நிறுத்தி, வேகத்தை ஐம்பதுக்குக் குறைத்தேன். அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டு இருந்தார். எனக்கு அது மிகவும் வருத்தமாக இருந்தது. கடலோரத்துப் பாதையில், பாலத்துக்கு முன்னால், தூரம் காட்டும் இடத்தில் எண் மறைந்து கோடுகள் மட்டும் வந்தன.

மாமி வீட்டு வாசலில் சராசரி 5.5. ஓடியது 80 கிலோமீற்றர். அப்படியென்றால் செலவு பதினான்கரை யூனிட், மிச்சம் இரண்டு. முறிகண்டி அண்ணை போட்ட எண் அப்படியே வந்திருக்கிறது. நான் 24 × 6.5 என்று நம்பிப் போயிருந்தால் சார்ஜ் போடும் யோசனையே இல்லாமல் விசேஷத்தில் இருந்துவிட்டு, மாலையில் ஏறி, திரும்பும் வழியில் நின்றிருப்பேன்.

திரும்பி வர 80 கிலோமீற்றர். அதற்குப் பத்து யூனிட், கையிருப்பு இரண்டரை. இருந்தது இரண்டு. ஆகவே பற்றறிக்குள் பத்தரை போக வேண்டும். சுவரிலிருந்து பன்னிரண்டு யூனிட்டுக்கு மேல். சாதாரண பிளக்கில் ஐந்தரை மணித்தியாலம். சாப்பாடு, கதை, பின்னேரத் தேநீர் எல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. மாமிக்கு மின்சாரக் காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார்.

வரும்போது சராசரி 8.0.

புதுக்குடியிருப்பு | ஜூலை 15, காலை 6.30

பார்த்தீர்களா! ஐந்தரையும் எட்டும் கூட்டி இரண்டால் வகுத்தால் 6.75. உங்கள் 6.5ஐ விடக் கூட. காற்றால் நட்டமே இல்லை.

தண்ணிமுறிப்பு டீச்சர் | ஜூலை 15, பிற்பகல் 2.50

தம்பி, இந்தச் சராசரியை அப்படி எடுக்கக்கூடாது. போக பதினான்கரை யூனிட், வர பத்து. மொத்தம் இருபத்துநாலரை. 160ஐ 24.5ஆல் வகுங்கள், 6.5தான். யூனிட்டுக்கு எத்தனை கிலோமீற்றர் என்ற எண்ணைக் கூட்டி வகுத்தால் எப்போதும் உண்மையை விடக் கூடத்தான் வரும், ஏனென்றால் மோசமான பாதையில்தான் கூட யூனிட் செலவாகியிருக்கும். யூனிட்டைக் கூட்டுங்கள், தூரத்தைக் கூட்டுங்கள், கடைசியில் ஒரு முறை வகுங்கள். நூறு கிலோமீற்றருக்கு எத்தனை யூனிட் என்று காட்டும் காராக இருந்தால் இந்தச் சிக்கல் இல்லை. ஒரே தூரத்துக்கு அந்த எண்களை நேராகக் கூட்டி வகுக்கலாம்.

மாங்குளம் சந்தி | ஜூலை 15, மாலை 5.05

அட்டோ 3 அப்படித்தான் காட்டுகிறதாம். எனக்கு யூனிட்டுக்கு இத்தனை என்பதுதான் மனதில் நிற்கிறது. மோட்டார்ப் பைக்கில் லீற்றருக்கு எவ்வளவு என்று கேட்டுப் பழகிவிட்டோம்.

நெளுக்குளம் | ஜூலை 15, இரவு 9.40

டீச்சர் சொன்னதை எழுதிப் பார்த்தேன். மொத்தப் பயணத்துக்கு 6.5 வந்தது, நான் முதல் நாள் சொன்ன அதே 6.5. ஆக, சராசரி சரியாகவே இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சரியான சராசரியை வைத்து வெளிக்கிட்டால் போகும் பாதையில் பதினொரு கிலோமீற்றர் மிச்சம் இருப்பதாகத்தான் நினைத்திருப்பேன். உண்மையில் மிச்சமே இல்லை. இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் இடிக்கிறது. முறிகண்டி அண்ணையின் வர்க்கக் கணக்குப்படி வரும்போது எட்டரை வந்திருக்க வேண்டும் என்று நான் போட்டு வைத்திருந்தேன். எட்டுத்தான் வந்தது. ஏன்?

முறிகண்டி | ஜூலை 16, இரவு 8.15

என் கணக்கு காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்று வைத்துப் போட்டது. பாதை மடுச் சந்திக்குப் பிறகு வடமேற்காகத் திரும்புகிறது. இந்த மாதம் காற்று மேற்குக்கும் தென்மேற்குக்கும் நடுவில். ஆகவே ஒரு பங்கு பக்கவாட்டில் அடிக்கிறது. பக்கக் காற்றுக்குப் போகும்போது நட்டம், வரும்போது லாபம் என்று கிடையாது. இரண்டு பக்கமும் நட்டம்தான். எட்டரை எட்டாக வந்தது அதனால் என்று நினைக்கிறேன்.

தண்ணிமுறிப்பு டீச்சர் | ஜூலை 16, இரவு 8.50

அல்லது பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு காற்றே விழுந்திருக்கலாம். தள்ள ஆள் இல்லாமல் வந்திருப்பீர்கள்.

முறிகண்டி | ஜூலை 16, இரவு 9.02

மன்னாரில் விழாது டீச்சர். தம்பபவனியில் முப்பது காற்றாலை அங்கே நிற்பது அதனால்தான்.

தண்ணிமுறிப்பு டீச்சர் | ஜூலை 16, இரவு 9.10

தீவில் விழாது. செட்டிகுளத்துப் பக்கம் விழும்.

நெளுக்குளம் | ஜூலை 16, இரவு 10.25

இருட்டியதும் விளக்குப் போட்டேன், ஆனால் ஏசி போடவில்லை. எதனால் என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த முறை முருங்கனிலும் பறயனாலங்குளத்திலும் சராசரியைத் தனித்தனியாகக் குறித்து வருகிறேன்.

நெளுக்குளம் | ஆகஸ்ட் 3, காலை 8.40

மாமி வீட்டிலிருந்து எழுதுகிறேன். இன்று அதிகாலை நாலரைக்கு வெளிக்கிட்டேன், காற்று எழும்ப முன். அதே அறுபது, அதே கார், ஏசி தேவைப்படவில்லை. முருங்கனில் 6.8, வாசலில் 6.4. செலவு பன்னிரண்டரை யூனிட், மிச்சம் நாலு. கையிருப்பைத் தொடவே இல்லை. அம்மாவும் வந்திருக்கிறார். திரும்பும்போது பகல் பன்னிரண்டுக்கு, நல்ல காற்றில், வெளிக்கிடப்போகிறேன். அப்போது எட்டரை வருகிறதா என்று பார்ப்போம்.

நெளுக்குளம் | ஆகஸ்ட் 3, இரவு 7.15

ஏசியோடு 7.7. முருங்கன்வரை 8.1, பிறகு குறைந்துகொண்டே வந்தது. ஏசியைப் போட்டுக்கொண்டு ஓட்டியதால் இதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அம்மாவை இனி வியர்க்க விட்டு ஓட்ட மாட்டேன். ஏசி இல்லாமல், தனியாக, பகலில் போகிறவர் யாராவது மடுச் சந்தியில் ஒரு தடவை குறித்து எழுதுங்கள்.